பில் பணம் ஏஜென்சிக்குப் போயாச்சு. சம்பளத்தை மறுபடி கம்பெனி கொடுக்கணுமா?

கிண்டி ஷிப்ட்: கிண்டி எஸ்டேட்ல ஒரு பேக்டரில ஏஜென்சி மூலமா 26 பேர் வேலை பார்த்தோம். 2025 செப்டம்பர் சம்பளம், தலைக்கு 18,500, வரவே இல்லை. ஏஜென்சி போனை எடுக்கலை. கம்பெனியோ, "அந்த மாச பில்லை செட்டில் பண்ணிட்டோம்"னு கையை விரிக்குது. யாரைப் பிடிக்கிறது?

ஹெச்ஆர் மணலி: ஏஜென்சியைத்தான். ஒரே வேலைக்குக் கம்பெனி ரெண்டு தடவை பணம் கொடுக்குமா? சம்பளம் ஏஜென்சி பொறுப்புன்னு ஒப்பந்தத்துல ஷரத்தே இருக்கும். அதோட புதுச் சட்டத் தொகுப்புப்படி 50 பேருக்குக் கீழன்னா ஒப்பந்தத் தொழிலாளர் விதிகளே பொருந்தாது.

வழக்காடி: அந்த ஷரத்து அவங்க ரெண்டு பேருக்குள்ள. 26 பேரும் அதுல கையெழுத்துப் போடலை. 50ங்கிற வரம்பு 2025 நவம்பர் 21ல்தான் அமலுக்கு வந்தது. செப்டம்பர் சம்பளம் அக்டோபர் 7க்குள்ள வந்திருக்கணும். அன்னைக்கு இருந்தது 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், அதுல வரம்பு 20. பிரிவு 21(4) நேராவே சொல்லுது: ஒப்பந்ததாரர் கொடுக்கலைன்னா முதன்மை நிறுவனம், அதாவது வேலை வாங்கின கம்பெனி, கொடுக்கணும், அப்புறம் அவர்கிட்ட வசூல் பண்ணிக்கலாம்.

மொத்தம் 4,81,000 ரூபாய். அடுத்த மாச பில்லுல கம்பெனி கையில 3,20,000 நிக்குதுன்னு வைங்க. அதைப் பிடிச்சுக்கலாம், மிச்சம் 1,61,000 ஏஜென்சி பாக்கி. அது வசூலாகுற வரைக்கும் தொழிலாளி காத்திருக்கணும்னு எங்கேயும் இல்லை.

கேன்டீன் பாண்டி: எங்களுக்குச் சம்பளம் வருது, பி.எஃப். மட்டும் கட்டலை. இதே மனுவுல சேர்த்துக்கலாமா?

வழக்காடி: வேண்டாம். அதுக்கும் கம்பெனிதான் பொறுப்பு, ஆனா பி.எஃப். அலுவலகத்துல தனிப் புகார்.

கிண்டி ஷிப்ட், 26 பேருக்கும் ஒரே மனு போதும். கம்பெனி, ஏஜென்சி ரெண்டையும் எதிர்மனுதாரரா போடுங்க. ஏஜென்சியை மட்டும் போட்டா உத்தரவு வந்தும் பிடிக்க ஆள் இருக்காது. கேஸ் சறுக்குறது பெரும்பாலும் "இவங்க எங்க கேட்டுக்குள்ளயே வரலை"ங்கிற பதில்லதான். பி.எஃப். பாஸ்புக்குல ஏஜென்சி பேருதான் இருக்கும், அது உதவாது. கேட் பாஸ், ஷிப்ட் பட்டியல், சூப்பர்வைசர் அனுப்பின வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாத்தையும் இப்பவே பத்திரப்படுத்துங்க. பழைய சம்பளச் சட்டத்துல கெடு 12 மாசம், புதுசுல 3 வருஷம். எது பொருந்தும்னு வாதாட இடம் கொடுக்காம 12 மாசத்துக்குள்ள தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்துல இருக்குற தொழிலாளர் துறை அலுவலகத்துல விசாரிச்சுப் போட்டுடுங்க.

ஹெச்ஆர் மணலி: செப்டம்பருக்குச் சரி, ஒத்துக்கறேன். இதே 26 பேருக்கு டிசம்பர் சம்பளம் நின்னிருந்தா?

வழக்காடி: அப்போ புது ஊதியச் சட்டத் தொகுப்பு பிரிவு 43. வேலையளிப்பவர் கொடுக்கலைன்னா நிறுவனத்தின் உரிமையாளர் பொறுப்புன்னு இருக்கு. அதுல ஆள் கணக்கே இல்லை.

ஹெச்ஆர் மணலி: அங்க "நிறுவனம்"னா ஏஜென்சியா, பேக்டரியா? ஏஜென்சின்னுதான் நாங்க வாதாடுவோம்.

வழக்காடி: வாதாடுங்க. வேலை நடந்த இடம் பேக்டரி. அதுக்குள்ள ஒண்ணு செய்யுங்க: அடுத்த பில்லை பாஸ் பண்றதுக்கு முன்னாடி, போன மாசம் ஒவ்வொருத்தர் கணக்குலயும் பணம் ஏறினதுக்கு பேங்க் ஸ்டேட்மென்ட் கேளுங்க. ஏஜென்சி தர்ற எக்செல் ஷீட்டை நம்பிக் கையெழுத்துப் போடறதாலதான் ரெண்டு தடவை கொடுக்க வேண்டி வருது.