மறுவேலை ஆணையின் கூடுதல் செலவு எங்கே போய்ச் சேர்கிறது? – அனுபவப் பகிர்வு

செலவுக் கணக்காளர், கோயம்புத்தூர்

நான் பணிபுரிந்த பம்புத் தொழிற்சாலையில், இறுதிப் பரிசோதனையின்போது மெக்கானிக்கல் சீல் வழியாக நீர் கசிந்த 60 பம்புகளை நிராகரித்துத் திருப்பி அனுப்பினார்கள். எஸ்ஏபியில் CO01 வழியாக மறுவேலை ஆணை போட்டோம். வழக்கமான பொருள் பட்டியல் விரிந்தால் வார்ப்படமும் செப்புக்கம்பியும் மறுபடி ஒதுக்கப்பட்டுவிடும் என்பதால், அவற்றை நீக்கிவிட்டு, நிராகரித்த பம்பையும் புதிய சீலையும் மட்டும் உட்பொருளாகச் சேர்த்தோம்.

ஒரு பம்பின் நிலையான விலை 4,200 ரூபாய். ஆணையில் பம்புகளுக்கு 2,52,000, சீல்களுக்கு 5,400, கூலிக்கும் சோதனை மேடைக்கும் 8,000 ரூபாய் ஏறின. தேறிய 57 பம்புகள் அதே விலையில் இருப்புக்குத் திரும்பியதால் 2,39,400 ரூபாய் கழிந்து, 26,000 ரூபாய் மிஞ்சியது. தீர்வு விதியை யாரும் மாற்றாததால் அது பொருளுக்கே தீர்க்கப்பட்டு, விலை வேறுபாட்டுக் கணக்கில் மற்ற ஆணைகளின் வேறுபாடுகளோடு கலந்துவிட்டது. தரக்குறைவால் எவ்வளவு இழந்தோம் என்று மேலாளர் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

உற்பத்தி மேற்பார்வையாளர்

இதற்குத் தனி ஆணையே தேவையில்லை. பழைய ஆணையைத் திறந்து, அதிலேயே மறுவேலை நேரத்தைப் பதிந்தால் போதும். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

கிடங்குப் பொறுப்பாளர்

எங்களிடம் வாடிக்கையாளர் திருப்பி அனுப்பும் பம்புகள்தான் அதிகம். உத்தரவாதக் காலத்தில் உள்ளவற்றை எந்த இருப்பில் வரவு வைப்பது என்பதே எங்கள் சிக்கல்.

எஸ்ஏபி ஆலோசகர்

கிடங்குப் பொறுப்பாளர் சொல்வது விற்பனைத் திருப்பம். அதற்கு வழி வேறு. மேற்பார்வையாளரின் முறை, பழைய ஆணை முடித்து மூடப்படாத வரை நடக்கும். ஆனால் முதல் முறை செய்த செலவும் திருத்திய செலவும் ஒன்றாகிவிடுவதால், பிறகு பிரித்துப் பார்க்க முடியாது.

உங்கள் ஆணை வகையின் அமைப்பு இடம் கொடுத்தால், தீர்வு விதியில் தர இழப்புக்கென ஒரு செலவு மையத்தைப் பெறுநராக வையுங்கள். பம்புகளை ஆணைக்குள் கொண்டுவராமல், CO07 மூலம் பொருளில்லாத ஆணை போட்டு, சீலையும் கூலியையும் மட்டும் அதில் சேர்ப்பது இன்னும் எளிது. எந்தப் பம்புகள் திருத்தப்பட்டன என்ற தடம் மட்டும் கிடைக்காது. நகரும் சராசரி விலையில் உள்ள பொருளாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். பொருளுக்கே தீர்த்தால், போதிய இருப்பு இருக்கும்வரை மறுவேலைச் செலவு இருப்பு மதிப்பில் ஏறிவிடும். வழக்கத்துக்கு மாறான விரயத்தை இருப்பு மதிப்பில் சேர்க்கக் கூடாது என்று கணக்கியல் தரநிலை AS 2 சொல்கிறது.

செலவுக் கணக்காளர், கோயம்புத்தூர்

அடுத்த ஆணையிலிருந்து செலவு மையத்துக்கே தீர்த்தோம். ஆனால் அந்த 26,000 ரூபாயில் மறுவேலைச் செலவு 13,400 தான். மீதி 12,600 தேறாத மூன்று பம்புகளின் மதிப்பு. இரண்டும் ஒரே மையத்தில் ஒரே தொகையாக விழுகின்றன. அந்த மூன்றையும் ஆணைக்குள் கொண்டுவருவதற்கு முன்பே கழிவாக எழுதிவிடலாம் என்றால், திருத்திப் பார்க்கும்வரை எவை தேறாது என்று தெரிவதில்லை. இதை யாராவது பிரித்துக் காட்டியிருந்தால் சொல்லுங்கள்.