சுருக்கம் விழாத சட்டை: தேய்க்கும்போது மட்டும் மஞ்சளாகுது, ஏன்?

குழித்துறைக்காரன்: வெள்ளைச் சட்டை, முழுப் பருத்தி, லேபிளில் ‘ரிங்கிள் ஃப்ரீ’ன்னு இருக்கு. வாங்கின புதுசுல துவைச்சு ஹேங்கரில் போட்டாலே போதும். இப்ப கசங்குது, அதனால தேய்க்கிறேன். பெட்டி பட்ட இடமெல்லாம் லேசா மஞ்சளாகுது, சூடு குறைச்சு வச்சாலும்தான். கைப்பட்டி ஓரத்திலயும் நூல் பிரியுது. மழை முடிஞ்சு கிணத்துல பிளீச்சிங் பவுடர் போட்டாங்க, அதுக்குப் பிறகுதான் இது. காலர் அழுக்குக்கு நானும் பிளீச் தொட்டுத் தேய்ப்பேன். ஏதாவது வழி உண்டா?

கருங்கல் அக்கா: வீட்டுக்காரருக்கு எடுத்த புதுச் சட்டையில ஒரு மாதிரி கண்ணு எரியுற வாடை. துவைக்காம ஒரு நாள் போட்டாரு, கழுத்துலயும் அக்குளிலயும் தடிச்சுப் போச்சு. அதுவும் இதே மாதிரி சுருக்கம் விழாம இருக்கப் போடுற மருந்துதானா?

மேற்குக்காற்று: கஞ்சி போடுற மாதிரி மேல ஒரு பூச்சு, அவ்வளவுதான். துவைக்கத் துவைக்க கழண்டுபோகும். மஞ்சளுக்குக் காரணம் கிணத்துத் தண்ணியில உள்ள இரும்பு.

பினிஷிங் மாஸ்டர்: தேய்மானம் உண்டுங்கிறது சரி, ஆனா இது மேல்பூச்சு இல்லை. பருத்தி நனையும்போது நூலிழைக்குள்ள இருக்கிற மூலக்கூறு சங்கிலிகள் ஒண்ணோட ஒண்ணு நழுவும். காயும்போது எந்த நிலையில இருக்கோ அப்படியே பிடிச்சுக்கும், அதுதான் சுருக்கம். ஆலையில ஃபார்மால்டிஹைடு சேர்ந்த ஒரு ரெசினைத் துணிக்குள்ள ஊறவிட்டு, ஏறக்குறைய 150 டிகிரியில சூடாக்குவாங்க. அது பக்கத்துப் பக்கத்து சங்கிலிகளைக் குறுக்கே பூட்டிவிடும். அதனாலதான் கசக்கினாலும் துணி பழைய நிலைக்குத் திரும்புது.

பூட்டினா இழை விறைப்பாகும், வளையாம ஒடியும். கைப்பட்டி, காலர் மடிப்பு எல்லாம் மற்ற இடத்துக்கு முன்னாடி நூல் விடுறது அதனாலதான். அது சலவையின் குற்றம் இல்லை.

தம்பி, ஒண்ணு பாருங்க. காயப்போட்ட துணி வெள்ளையாவே இருந்து, பெட்டி பட்டதும் மஞ்சளானா குளோரின். இரும்பா இருந்தா தேய்க்குறதுக்கு முன்னாடியே பழுப்புத் திட்டுத் தெரியும்.

குழித்துறைக்காரன்: கொடியில வெள்ளையாத்தான் அண்ணாச்சி இருக்கு. ஆனா புதுசுல இதே பிளீச் போட்டும் ஒண்ணும் ஆகலையே?

பினிஷிங் மாஸ்டர்: புதுசுல பூட்டு முழுசா இருக்கும், குளோரின் ஒட்டிக்க அதிக இடம் கிடையாது. பல சலவையில, வேர்வையில, சூட்டில பூட்டு கொஞ்சம் கொஞ்சமா அறுபடும். அறுபட்ட முனையில உள்ள நைட்ரஜன் குளோரினைப் பிடிச்சு வச்சுக்கும். வெறும் நீரில் அலசினா முழுசாப் போகாது. பெட்டி சூட்டில அது அமிலமாகி பருத்தியையே அரிக்கும். மஞ்சளோட துணி பலமும் குறையும்.

இனி பிளீச்சைத் தொடாதீங்க. கிணத்துக்குப் பவுடர் போட்டா வாடை அடங்குற வரைக்கும் இந்தச் சட்டையை அந்தத் தண்ணியில துவைக்க வேண்டாம். மிச்சமிருக்கிற குளோரினை எடுக்க, மீன்தொட்டிக் கடையில கிடைக்குற ஹைப்போ, அதாவது சோடியம் தயோசல்ஃபேட் உப்பு, போதும். 10 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணியில ஒரு தேக்கரண்டியைக் கரைச்சு அரை மணி நேரம் ஊறவச்சு, நல்லா அலசிட்டு, பிறகுதான் பெட்டி. தீய்ஞ்ச மஞ்சள் போகுமான்னு உறுதி சொல்ல மாட்டேன், புதுசா வராது. போன பலமும் திரும்பாது.

அக்கா, ஆமா, அதே வகையா இருக்கலாம். ரெசினில் பிடிபடாம மிஞ்சின ஃபார்மால்டிஹைடு தண்ணியில கரையும். அதனால புதுச் சட்டையை உடுத்துறதுக்கு முன்னாடி, நிறம் தாங்கினா வெதுவெதுப்பான தண்ணியில சோப்புத்தூள் போட்டு ஒரு தடவை துவைச்சு, ரெண்டு தடவை அலசிக் காயப்போடுங்க. வாடை இருந்தா இன்னொரு தடவை. மிச்சம் பெரும்பாலும் போயிடும், ஆனா ரெசின் உடைய உடைய கொஞ்சம் வந்துகிட்டேதான் இருக்கும். ஈரமும் சூடும் அதைக் கூட்டும், நம்ம ஊரு வேர்வையில கழுத்தும் அக்குளும் முதல்ல மாட்டுறது அதுக்குத்தான். துவைச்ச பிறகும் தடிச்சா அந்தச் சட்டை வேண்டாம். சாயமும் காரணமா இருக்கலாம், தோல் டாக்டர் ஒட்டுச் சோதனை செஞ்சு பிரிச்சுச் சொல்லுவார்.

மேற்குக்காற்று: இரும்பு விஷயம் தப்புதான், சரி. அப்போ சுருக்கம் வராம இருக்க கடையில விக்குற ஸ்ப்ரே அடிச்சா பழையபடி ஆகுமா?

பினிஷிங் மாஸ்டர்: அது இழையை வழுவழுப்பாக்கும், பூட்டாது. ஒரு நாளைக்கு ஓடும். வீட்டுப் பெட்டியால ஆலை வேலை நடக்காது. வாஷிங் மெஷின்ல சுழற்சியைக் குறைச்சு, ஈரம் சொட்டும்போதே உதறி, பட்டன் போட்டு ஹேங்கரில் தொங்கவிடுங்க. தண்ணீர் எடையிலயே பாதிச் சுருக்கம் இறங்கும்.

குழித்துறைக்காரன்: ஹைப்போ செஞ்சேன். முதுகில புதுசா மஞ்சள் வரலை. காலரில் மட்டும் இன்னும் வருது.

பினிஷிங் மாஸ்டர்: காலருக்குள்ள ஒட்டின கேன்வாஸ் இருக்கும், அங்க ஊறின குளோரின் வெளிய வர நேரமெடுக்கும். இன்னொரு ஊறல் போட்டுப் பாருங்க. நீங்க பிளீச் தொட்டுத் தேய்ச்ச இடமும் அதுதானே, துணியே அரிச்சுப்போயிருக்கலாம். விரலால லேசா இழுத்துப் பாத்தா தெரியும்.