ஷேடோ பிரைஸுக்குத் தமிழ் என்ன? திங்கள் காலை அச்சுக்குப் போகிறது

தேன்மொழி, கோவை

வணக்கம். கணித மாணவர்களுக்கான உகப்பாக்கச் செய்முறை ஏட்டில் ஒரே ஒரு சொல் இடிக்கிறது.

பாடத்துக்கு எடுத்தது இங்கிலீஷ் பிரீமியர் லீக் கால்பந்தின் பேன்டசி ஆட்டம்: நிஜ ஆட்டக்காரர்களைக் கற்பனைப் பணத்தில் எடுத்து, அவர்கள் ஆடுவதைப் பொறுத்துப் புள்ளி சேர்ப்பது. 100 மில்லியன் பவுண்டுக்குள் 15 பேர் வேண்டும், ஒரே கிளப்பில் மூவருக்கு மேல் கூடாது. 13 பேரை எடுத்தாயிற்று, ஒரு டிஃபெண்டரும் ஒரு ஃபார்வர்டும்தான் பாக்கி, கையில் 12.0 மில்லியன் என்று கணக்கைச் சுருக்கினேன். விலையும் எதிர்பார்க்கும் புள்ளியும் என் கற்பனை:

```
டிஃபெண்டர்: அ 4.0/104   ஆ 5.0/125   இ 6.0/150
ஃபார்வர்டு:  க 4.5/80    ச 6.0/120   ப 7.5/153
```

மில்லியனுக்கு அதிகப் புள்ளி தருபவரை முதலில் பிடித்தால் அ வருகிறார், பிறகு ப. மொத்தம் 257 புள்ளி, 0.5 சும்மா மிஞ்சுகிறது. சரியான விடை இ, ச ஜோடி: 12.0 முழுக்கச் செலவாகி 270.

அடுத்த கேள்வி, பட்ஜெட்டை ஒரு மில்லியன் தளர்த்தினால் எத்தனை புள்ளி கூடும் என்பது. அந்த எண்ணுக்கு 'நிழல் விலை' என்று போட்டேன். "கள்ளச்சந்தை விலையா மேடம்?" என்று ஒரு மாணவி கேட்டாள். வேறு சொல் உண்டா?

முருகேசன்

இந்த இ யார் மேடம், எந்த கிளப்? என் அணியில் 0.4 பல வாரமாகக் கிடக்கிறது, ஒருத்தரையும் மாற்ற முடியவில்லை. என்னைக் கேட்டால் அந்தப் பணத்துக்கு மதிப்பே கிடையாது. பூஜ்யம் என்று போடுங்கள், சொல்லே வேண்டாம்.

புலவர் அரங்கநாதன்

அம்மா, நிழல் என்பது நம் மரபில் இருட்டு மட்டுமன்று. குடைநிழல், அடிநிழல் என்றால் காப்பு. ஒளி என்ற பொருளும் சங்கப் பாட்டில் உண்டு. நிழல் விலை என்றால் அரசு காப்பளித்த விலை என்றே எனக்குப் படுகிறது.

'தளைமதிப்பு' என்க. கட்டுப்பாடு ஒரு தளை, அதை அவிழ்ப்பதால் வரும் பயன் தளைமதிப்பு. தளை, தளர், தளர்வு மூன்றும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது என் துணிபு. வெண்டளை பிறழ்ந்தால் வெண்பா கெடுவதுபோல…

ரமணன், சென்னை

ஐயா, வெண்பாவுக்குப் போய்விட்டால் திங்கள்கிழமை வந்துவிடும்.

முருகேசன் சொல்வது பாதி சரி. 12.4 வரை ஏற்றினாலும் விடை 270தான். 12.5 ஆனதும் ஆ, ப ஜோடி கிடைத்து 278 ஆகிறது. 13.0க்கும் அதே 278. 13.5இல்தான் இ, ப ஜோடி, 303. ஆகவே அவருடைய 0.4 இன்றைக்கு ஒன்றும் தராது. ஆனால் இன்னும் 0.1 சேர்ந்தால் 8 புள்ளி, அதனால் மதிப்பே இல்லை என்பது தவறு.

ஏட்டிலுள்ள நிரல் தருவது இந்தப் படிக்கட்டை அல்ல.

```
print(prob.constraints["budget"].pi)
```

இந்த எண்ணுக்குப் பொருள் இருக்க வேண்டுமானால் `Binary` என்பதை `Continuous` ஆக்கி, `lowBound=0, upBound=1` என்றும் சேர்க்க வேண்டும். அப்போது ஆட்டக்காரரைத் துண்டு போடலாம்: 12.5க்கு இ முழுசாக, ச மூன்றில் இரண்டு பங்கு, ப மூன்றில் ஒரு பங்கு. 11 புள்ளி கூடும், அதாவது மில்லியனுக்கு 22. நிஜத்தில் 8தான். மூன்றில் ஒரு பங்கு ஆளை எந்த அணியிலும் இறக்க முடியாதே.

இன்னொன்று. 12.0 சரியாக முறியும் புள்ளி. அங்கே கூட்டினால் 22, குறைத்தால் 23, திரையில் எது வேண்டுமானாலும் வரலாம். பட்ஜெட்டை 12.2 என்று வையுங்கள், எல்லோருக்கும் 22 வரும்.

சிவகௌரி, யாழ்ப்பாணம்

எங்கள் பொருளியல் பாடத்தில் எல்லைச் செலவு, எல்லைப் பயன்பாடு என்றுதான் படித்தோம். 'எல்லைப் பெறுமதி' என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும்.

தேன்மொழி

இங்கே அதை இறுதிநிலை என்பார்கள் அக்கா. 'எல்லை' என்றால் எங்கள் மாணவர்கள் பட்ஜெட் உச்சவரம்பையே நினைப்பார்கள். தளைமதிப்பு அழகுதான் ஐயா, ஆனால் பொருளியல் படித்துவிட்டு வருபவர்கள் நிழல் விலையைத்தான் தேடுவார்கள்.

ரமணன்

நிழல் விலையே இருக்கட்டும், துண்டு போட்ட கணக்குக்கு மட்டும். பக்கத்தில் இன்னொரு பத்தி சேருங்கள்: '0.5 கூட்டினால் கிடைப்பது'. அதற்குக் கலைச்சொல் தேவையில்லை. மாணவர்கள் பட்ஜெட்டை மாற்றி மறுபடி ஓட்டிப் பார்க்கட்டும்.

தேன்மொழி

அப்படியே செய்கிறேன். 12.2 என்றும் திருத்திவிட்டேன். மூன்று பேர் நிழல் விலைக்குச் சரி என்று தனிமடல் போட்டிருக்கிறார்கள்.

புலவர் அரங்கநாதன்

பெரும்பான்மை சொன்னால் அச்சிடுங்கள், என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். விலை என்றால் ஒருவர் கேட்பார், ஒருவர் கொடுப்பார். இங்கே அப்படி யாரும் இல்லை, இது மதிப்பு. 'நிழல்' நிற்கட்டும், 'விலை'யை மட்டுமாவது மாற்றக் கூடாதா?

சிவகௌரி

அந்த விசயத்தில் நானும் ஐயா பக்கம்.