r = 1 + 2 cos θ: உள்வளையம் எந்தப் பக்கம் விழும்?

மூன்றாம் பெஞ்ச்

r = 1 + 2 cos θ வளைவரையை அட்டவணை போட்டுக் கையால வரையணும். 0, 30, 60ன்னு 360 வரைக்கும் கணக்குப் போட்டாச்சு. 120 வரைக்கும் சிக்கல் இல்லை. அதுக்கப்புறம் r மைனஸ்ல போகுது: 150-ல −0.73, 180-ல −1. மைனஸைக் கண்டுக்காம குறிச்சா இடப்பக்கம் தனியா ஒரு குட்டி வளையம் வருது. விடைப் படத்துல அந்த வளையம் வலப்பக்கம், பெரிய வளையத்துக்கு உள்ளேயே இருக்கு. இந்த மாதிரி வளைவரைகளைக் கையால வரைஞ்சு பழகினவங்க எந்த வரிசையில வரையறீங்க, எங்கே சறுக்குதுன்னு சொல்லுங்க.

வரைபலகை

முதலில், 360 வரைக்கும் போட்டது வீண் வேலை. சமன்பாட்டில் cos θ மட்டும்தான் இருக்கிறது. θ-வுக்கும் −θ-வுக்கும் ஒரே r. ஆகவே தொடக்கக் கோட்டின் மேல் தாளை மடித்தால் இரு பாதியும் ஒன்றின் மேல் ஒன்று உட்காரும். 0 முதல் 180 வரை போதும், மீதியைப் பிரதிபலித்துக்கொள்ளலாம்.

அடுத்து, அட்டவணைக்குக் கை வைக்கும் முன்பே r = 0 எங்கே என்று பார்த்துவிடுங்கள். 1 + 2 cos θ = 0 என்றால் cos θ = −1/2, அதாவது 120°. மடிப்பின் மறுபக்கத்தில் 240°. இந்த இரண்டு கோணங்களிலும் பென்சிலால் மெல்லிய கோடு போடுங்கள். துருவத்தோடு நிறுத்தாமல் மறுபக்கமும் நீட்டுங்கள்: 120° கோடு 300° பக்கமும் போகட்டும், 240° கோடு 60° பக்கமும் போகட்டும். துருவத்தில் வளைவரையின் தொடுகோடுகள் இவைதான். வளைவரை எந்தச் சாய்வில் துருவத்துக்குள் நுழைகிறது, எந்தப் பக்கம் வெளியேறுகிறது என்பதை இந்தக் கோடுகளே சொல்லிவிடும்.

அட்டவணை இவ்வளவு போதும்:

```
θ    0°   30°   60°   90°   105°   120°   135°    150°    180°
r    3    2.73  2     1     0.48   0      −0.41   −0.73   −1
```

மைனஸ் வந்தால் கோணத்தோடு 180 கூட்டி, r-ஐப் பிளஸாக்கிக் குறியுங்கள். 135°-ல் −0.41 என்பது 315°-ல் 0.41. 150°-ல் −0.73 என்பது 330°-ல் 0.73. 180°-ல் −1 என்பது தொடக்கக் கோட்டின் மேலேயே, வலப்பக்கம் 1. மூன்றும் துருவத்துக்கு வலப்பக்கம்தான் விழுகின்றன. உங்கள் வளையம் இடப்பக்கம் போனதற்குக் காரணம் இதுதான்.

இப்போது பேனாவின் போக்கைக் கவனியுங்கள். (3, 0)-ல் தொடங்கி மேலே ஏறி, இடப்பக்கம் திரும்பி, இரண்டாம் கால்பகுதியிலிருந்து 120° கோட்டை ஒட்டியபடி துருவத்துக்குள் வருகிறது. அங்கே நிற்காமல், திரும்பாமல், அதே கோட்டின் நீட்சியில் நான்காம் கால்பகுதிக்குள் போகிறது. 180-ல் வலப்பக்கம் 1 என்ற இடத்தை அடைகிறது. அதாவது மேல்பாதியில் தொடங்கிய கோடு உள்வளையத்தின் கீழ்ப்பாதியை வரைந்திருக்கிறது. வளையத்தின் மேல்பாதி பிரதிபலிப்பில்தான் கிடைக்கும்.

தவறாக வரைந்தால் கண்டுபிடிக்கவும் ஒரு வழி உண்டு. மைனஸை விட்டுவிட்டால் துருவத்தில் கோடு 120° பக்கமாக உள்ளே வந்து, அதே பக்கமாகத் திரும்பிப் போகும். r குறி மாறும் இடத்தில் வளைவரை அப்படி முதுகைக் காட்டித் திரும்பாது. நேரே ஊடுருவிப் போகும்.

சைன்கொசைன்

சுருக்கமா ஒரு விதி: θ-வுக்குப் பதிலா −θ போட்டுப் பாருங்க. சமன்பாடு மாறலைன்னா தொடக்கக் கோட்டைப் பொறுத்துச் சமச்சீர். மாறினா சமச்சீர் கிடையாது, முழு அட்டவணை போட்டே ஆகணும். r = sin 2θ அப்படித்தான். −θ போட்டா −sin 2θ வருது, அதனால அதுக்கு மடிப்பு கிடையாது.

டியூஷன் அக்கா

பாதி சரி தம்பி. சோதனையில் தேறினால் சமச்சீர் உறுதி. தேறாவிட்டால் எதுவும் உறுதியில்லை, அவ்வளவுதான். ஒரே புள்ளிக்கு துருவ முறையில் பல முகவரிகள் இருப்பதுதான் காரணம். (r, −θ) என்று எழுதும் புள்ளியையே (−r, 180° − θ) என்றும் எழுதலாம். sin 2θ-வில் இந்த இரண்டாவது முகவரியைப் போட்டுப் பாருங்கள்: −r = sin(360° − 2θ) = −sin 2θ. மைனஸ் இரண்டு பக்கமும் அடிபட்டு r = sin 2θ திரும்ப வந்துவிட்டது. நான்கு இதழும் தொடக்கக் கோட்டைப் பொறுத்துச் சமச்சீர்தான்.

அதனால் அந்தப் படத்துக்கு முழு அட்டவணையே வேண்டாம். 0°, 15°, 30°, 45°-க்கு 0, 0.5, 0.87, 1. ஓர் இதழின் பாதி முடிந்தது. 45° கோட்டில் மடித்தால் முழு இதழ், பிறகு இரண்டு அச்சிலும் மடித்தால் நான்கு இதழ்.

ஆனால் பிள்ளைகள் அதிகம் மாட்டிக்கொள்வது கோண இடைவெளியில். r = cos 3θ-வுக்கு எல்லோரும் பழக்கதோஷத்தில் 30° இடைவெளி வைப்பார்கள். அட்டவணையில் 1, 0, −1, 0, 1, 0, −1 என்று வரும். எல்லாமே இதழின் நுனி அல்லது துருவம். நடுவில் ஒரு புள்ளிகூட இல்லை. அதை ஸ்கேல் வைத்து இணைத்தவர்களும் உண்டு! ஒரு பூஜ்யத்துக்கும் அடுத்த உச்சத்துக்கும் இடையே குறைந்தது இரண்டு புள்ளியாவது விழ வேண்டும். இங்கே 10° வைத்தால் 1, 0.87, 0.5, 0 என்று வரும், இதழின் வயிறு தெரியும். பூஜ்யங்களைக் கண்டுபிடித்த பிறகுதான் இடைவெளியை முடிவு செய்ய வேண்டும், முன்பே அல்ல.

கட்டத்தாள்

எனக்கு இதே கணக்குல 120-க்கு 0 வரவே இல்லை, 2.63 வருது. 60-க்கு −0.90. அப்படின்னா 120-ல துருவம் வழியா போகுதுன்னு எப்படிச் சொல்றீங்க? சமன்பாடே வேறயா?

டியூஷன் அக்கா

சமன்பாடு அதேதான். உங்கள் கால்குலேட்டர் ரேடியனில் இருக்கிறது. டிகிரிக்கு மாற்றுங்கள். அட்டவணை தொடங்கும் முன் cos 60 போட்டு 0.5 வருகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

மூன்றாம் பெஞ்ச்

வளையம் உள்ளே வந்துடுச்சு, நன்றி சார். ஆனா வெளிக்கோடு இன்னும் விடைப் படம் மாதிரி இல்லை. 90-ல 1, 120-ல 0. நான் இணைச்சா செங்குத்து அச்சைத் தொட்டுட்டு நேரா துருவத்துக்கு வருது.

வரைபலகை

105° வரிசையைச் சேர்த்ததே அதற்காகத்தான். அங்கே r = 0.48, கிடைத்தூரம் 0.48 × cos 105° = −0.125 அளவு. வெளிக்கோடு செங்குத்து அச்சைத் தாண்டி இடப்பக்கம் 1/8 அலகு பிதுங்கிவிட்டுத்தான் துருவத்துக்கு வருகிறது. துல்லியமாகப் பார்த்தால் அந்த ஓரம் cos θ = −1/4, ஏறக்குறைய 104.5°-ல். ஓர் அலகுக்கு 2 செ.மீ. வைத்தால் பிதுங்கல் கால் செ.மீ.தான், அட்டவணையில் இல்லையென்றால் கண்ணுக்குத் தப்பிவிடும்.

90°-யில் இன்னொரு பொறி இருக்கிறது. வட்டம் வரைந்த கைப்பழக்கத்தில் அந்த இடத்தில் கோட்டைப் படுக்கையாக விட்டுவிடுவார்கள். படத்தின் உச்சி அங்கே இல்லை. 54° அருகே 1.76 உயரத்தில் இருக்கிறது. 90°-க்கு வரும்போது கோடு நன்றாகவே சரிந்து இறங்கிக்கொண்டிருக்கும், அங்கே சாய்வு 2.

இதையே r = 1 + cos θ-வோடு வைத்துப் பாருங்கள். அங்கே பூஜ்யம் 180°-ல் மட்டும். அதன் இரு பக்கமும் r பிளஸ்தான், குறி மாறுவதில்லை. ஆகவே அது ஊடுருவாமல் கூர்முனையாகத் திரும்பி வரும். பூஜ்யத்தைக் கண்டதும் அதன் இரு பக்கக் குறியையும் எழுதிவைத்துக்கொண்டால் ஊடுருவலா கூர்முனையா என்ற சந்தேகம் வராது.

ஒருங்கிணை

படத்தை விடுங்க, பரப்பளவு கேட்டா என்ன செய்வீங்க? ½ r²-ஐ 0 முதல் 360 வரைக்கும் தொகையிட்டா 3π, அதாவது 9.42 வருது. இதுதானே வெளிவளையத்தின் பரப்பு?

வரைபலகை

இல்லை. அந்தத் தொகை உள்வளையத்தை இரண்டு முறை எண்ணுகிறது, r² என்பதால் மைனஸ் தெரியாமல் போய்விடுகிறது. பூஜ்யக் கோணங்களில் வெட்டிக்கொள்ளுங்கள். 120 முதல் 240 வரை தொகையிட்டால் உள்வளையம்: π − 3√3/2, சுமார் 0.54. −120 முதல் 120 வரை தொகையிட்டால் வெளிக்கோட்டுக்குள் இருக்கும் மொத்தப் பரப்பு: 2π + 3√3/2, சுமார் 8.88. இரண்டையும் கூட்டினால்தான் உங்கள் 9.42. வளையங்களுக்கு நடுவே உள்ள பரப்பு கேட்டால் கழித்து 8.34.

சைன்கொசைன்

எல்லாம் சரி, ஆனா r தூரம்தானே, தூரம் எப்படி மைனஸ் ஆகும்? r மைனஸ் ஆகக் கூடாதுன்னு வெச்சா 120-க்கும் 240-க்கும் நடுவுல அட்டவணையே காலி. உள்வளையமே கிடையாது. கலப்பெண்ணைத் துருவ வடிவத்துல எழுதும்போது அப்படித்தானே வெச்சுக்கறோம்?

வரைபலகை

கலப்பெண்ணில் அது சரி. வளைவரை வரையும்போது r-க்கு மைனஸை அனுமதிப்பதுதான் வழக்கம். வேண்டுமானால் x, y-க்கு மாற்றிப் பாருங்கள்: r-ஆல் பெருக்கி வர்க்கமாக்கினால் (x² + y² − 2x)² = x² + y². இதில் (1, 0) போட்டால் இரண்டு பக்கமும் 1. உள்வளையத்தின் புள்ளியும் அதே சமன்பாட்டில்தான் இருக்கிறது.

சைன்கொசைன்

வர்க்கமாக்கினப்போ நீங்களே அதை உள்ளே கொண்டுவந்துட்டீங்களே சார். அதை எப்படி ஆதாரமா எடுத்துக்கறது?

டியூஷன் அக்கா

இரண்டு பேரும் விடமாட்டீர்கள் போல. தேர்வு எழுதுகிறவர்கள் தங்கள் பாடநூல் r-க்கு என்ன நிபந்தனை வைத்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளட்டும். கேள்வியில் ‘உள்வளையம்’ என்ற சொல் இருந்தாலே மைனஸ் அனுமதி என்று அர்த்தம்.

மூன்றாம் பெஞ்ச்

கடைசியா ஒண்ணு. r = sin(θ/2). 360-லயே r மறுபடி 0 ஆயிடுது. அங்கேயே நிறுத்திடலாமா?

டியூஷன் அக்கா

கூடாது. 360-ல் பாதிதான் முடிந்திருக்கும். அதுவரை r பிளஸ். 180-ல் 1, துருவத்துக்கு இடப்பக்கம். 360-ஐத் தாண்டினால் r மைனஸ். 540-ல் −1, அது வலப்பக்கம் விழும். sin(θ/2) தன் மதிப்புகளைத் திரும்பச் சொல்ல 720° ஆகும். அதுவரை ஓட்டினால்தான் வலது பாதியும் கிடைக்கும்.