வாடகை ஒப்பந்தத்தைப் படம் எடுத்து மொழிபெயர்த்தேன்: இந்த 2 பிரிவுகளுக்கு என்ன அர்த்தம்?

மாடிவீடு:
எனக்குப் படிக்கத் தெரியாத மொழியில் ஒப்பந்தம். போனில் படம் எடுத்து மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டேன். நானும் நண்பரும் சேர்ந்து எடுக்கும் வீடு. காலம் 12 மாதம், வாடகை மாதம் 1,000, முன்பணம் 2,000. செயலி கொடுத்தது அப்படியே:

பிரிவு 7: "குத்தகைதாரர் 2 மாத அறிவிப்பு கொடுத்து முடிக்கலாம் முதல் 12 மாதம் முன்பு."
பிரிவு 11: "குத்தகைதாரர்கள் கூட்டாகவும் தனியாகவும் பொறுப்பு."

5 மாதத்தில் வேலை மாறினால் 2 மாத வாடகை கட்டிவிட்டுக் கிளம்பலாம் என்று புரிந்துகொண்டேன். சரிதானே? நாளை மறுநாள் கையெழுத்து.

ஒற்றைச்சாவி:
7 நீங்கள் சொன்னபடிதான், 2 மாதம் முன்னால் சொன்னால் போதும். 11 என்பது ஆளுக்குப் பாதி வாடகை. முன்னெச்சரிக்கையாக மூலத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கறுப்புமசி:
மூலத்தைப் பார்க்கச் சொன்னது சரி. இரண்டு விளக்கமும் தவறு.

பிரிவு 7இன் அந்த வாக்கியம் உடைந்திருக்கிறது. "முடிக்கலாம்" என்பதும் "12 மாதம் முன்பு" என்பதும் ஒட்டவில்லை. இப்படி ஒட்டாமல் நின்றால் நடுவில் ஏதோ ஒரு சொல் படத்தில் விழாமல் போயிருக்கலாம். அது "இல்லை", "தவிர" போன்ற ஒரு சிறு சொல்லாகக்கூட இருக்கலாம். "12 மாதம் முடியுமுன் விலக முடியாது" என்று மூலத்தில் இருந்தால் கணக்கே மாறிவிடும். 5ஆம் மாதக் கடைசியில் கிளம்பினால் பாக்கி 7 மாதம், அதாவது 7,000. நீங்கள் நினைத்தது 2,000. முன்பணம் முழுவதையும் பிடித்துக்கொண்டாலும் 5,000 கேட்பார்கள்.

பிரிவு 11இல் ஆளுக்குப் பாதி என்ற பேச்சே கிடையாது. நண்பர் போய்விட்டால் முழு 1,000ஐயும் வீட்டுக்காரர் உங்களிடமே கேட்கலாம். நண்பரை முதலில் தேடிப் பிடிக்க வேண்டிய கட்டாயம் வீட்டுக்காரருக்கு இல்லை. நண்பரின் பங்கை அவரிடம் வசூலிப்பது உங்கள் பாடு.

படத்தை மறுபடி எடுங்கள். தாளை மேசையில் தட்டையாக வைத்து, மடிப்பை விரலால் நீவிவிட்டு, நிழல் விழாத வெளிச்சத்தில், ஒரு பக்கத்துக்கு ஒரு படம். நான்கு மூலையும் பக்க எண்ணும் தெரிய வேண்டும். பிறகு பிரிவு 7ஐ மட்டும் மூல மொழியில் எழுத்துக்கு எழுத்து தட்டச்சு செய்து, ஒவ்வொரு வாக்கியமாக மொழிபெயர்த்துப் பாருங்கள். எண்களைத் தாளோடு ஒப்பிடுங்கள், 3உம் 8உம் எளிதில் மாறும்.

நீலக்கதவு:
எனக்கும் இதே கஷ்டம். காலி செய்தபோது பெயின்ட் அடிக்க வேண்டும் என்று முன்பணத்தில் பெரும்பகுதியைப் பிடித்துவிட்டார்கள். குடிபோகும் நாளிலேயே சுவரைப் படம் எடுத்து வையுங்கள்.

மாடிவீடு:
நன்றி, ஆனால் நான் கேட்டது இடையில் விலகுவது பற்றி.

மறுபடி எடுத்துவிட்டேன். பிரிவு 7 சரியாக மடிப்பின் மேல் இருந்தது, ஒரு சொல் நிழலில் மறைந்திருந்தது. இப்போது வருவது: "முதல் 12 மாதம் முடியும் முன் முடிக்க இயலாது, அதன் பின் 2 மாத முன்னறிவிப்பு." இன்னொன்றும் கண்ணில் பட்டது. அடுத்த வரியை, "மாற்று ஆளைக் கொண்டுவந்தால் குத்தகைதாரர் விடுவிக்கப்படுவார்" என்று செயலி முன்பே காட்டியிருந்தது. தாளில் பார்த்தால் அந்த வரியைப் பேனாவால் அடித்திருக்கிறார்கள்!

கறுப்புமசி:
செயலி அடித்தலைப் பார்க்காமல், கீழே தெரியும் எழுத்தைப் படித்துவிடுவதுண்டு. அதனால்தான் தாளைக் கையில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். அடித்த இடத்தின் ஓரத்தில் சுருக்கொப்பம் இருக்கிறதா?

மாடிவீடு:
ஒன்று இருக்கிறது, வீட்டுக்காரருடையது. தரகர், "பிரிவு 7 வழக்கமான வரிதான், 6 மாதத்தில் போனாலும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்" என்கிறார்.

கறுப்புமசி:
நீங்களும் கையெழுத்திட்டால் அந்த அடித்தலுக்கும் ஒப்புக்கொண்டதாகிவிடும். கேட்கமாட்டார்கள் என்பது உண்மையானால் எழுதிக் கொடுப்பதில் அவர்களுக்குச் சிரமம் இருக்காது. ஒப்பந்தத்தின் மொழியிலேயே ஒரு வரி: "6 மாதம் கழிந்த பின் குத்தகைதாரர் 2 மாத முன்னறிவிப்புடன் விலகலாம்." இரு தரப்பும் அதன் ஓரத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். மறுத்தால், அடித்த வரியையாவது திரும்பச் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஒற்றைச்சாவி:
11ஐத் தவறாகச் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். ஆனால் காலியான வீட்டுக்கு வீட்டுக்காரர் வேறு ஆள் பார்க்க வேண்டாமா? 7 மாதமும் சும்மா வசூலிக்க முடியுமா?

கறுப்புமசி:
சில நாடுகளில் அவர் முயன்றே ஆக வேண்டும், வேறு ஆள் வந்த நாளோடு உங்கள் பாக்கி நின்றுவிடும். எல்லா இடத்திலும் அப்படி இல்லை. அந்த ஊர்க் குடியிருப்போர் ஆலோசனை மையத்தில் அசல் தாளோடு போய்க் கேளுங்கள். செயலியின் தமிழை அங்கே நீட்டாதீர்கள்.

மாடிவீடு:
அந்த வரியைச் சேர்க்கச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். பதில் வரும்வரை கையெழுத்தைத் தள்ளிவைத்திருக்கிறேன்.