பில்லில் ரேட் அழிந்துவிட்டது: தொகையை அளவால் வகுத்தால் போதுமா?

மேஸ்திரி_கணக்கு:
சைட்டில் மழையில் நனைந்து பில்லில் ரேட் பகுதி முழுக்க மை ஊறிவிட்டது. அளவும் தொகையும் தெரிகின்றன. வீட்டுக்காரருக்கு ரேட் வாரியாகக் கணக்கு கொடுக்க வேண்டும்.

12 எம்எம் டிஎம்டி கம்பி 347.5 கிலோ, தொகை 20,328.75
கட்டுக்கம்பி 10 கிலோ, தொகை 745.76
1 அங்குல பிவிசி பைப் 12, தொகை 2,448.00

கட்டுக்கம்பி ரேட்டில் கடைசி இலக்கம் 8 மாதிரி தெரிகிறது. பைப் ரேட் 2-இல் தொடங்குகிறது. வகுத்துப் போட்டால் சரிதானே?

நெல்லை_குமார்:
சரிதான் அண்ணே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கம்பி 58.50, கட்டுக்கம்பி 74.58, பைப் 204. பைப் 2-இல்தான் தொடங்குகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள், பொருந்துகிறது. எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பாத்திமா_கணக்கர்:
குமார், முதல் ரேட் சரி. மற்ற இரண்டையும் சரிபார்க்காமல் எழுதினால் வீட்டுக்காரர் கடையில் கேட்கும்போது மாட்டிக்கொள்வார். வகுக்கும் முன்னால் அந்தத் தொகை எதைக் காட்டுகிறது என்று தெரிய வேண்டும்: வரிக்கு முன்னாலா பின்னாலா, தள்ளுபடி கழித்ததா கழிக்காததா.

மேஸ்திரி அண்ணா, பில்லின் அடியில் மொத்தம், வரி என்ன என்று போடுங்கள். ரேட்டுக்கும் தொகைக்கும் நடுவில் வேறு கட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மேஸ்திரி_கணக்கு:
அடியில் சிஜிஎஸ்டி 2,117.03, எஸ்ஜிஎஸ்டி 2,117.03, ரவுண்ட் ஆஃப் 0.43, மொத்தம் 27,757.00. நடுவில் `Disc. %` என்று ஒரு கட்டம் இருக்கிறது. பைப்புக்கு நேராக மட்டும் 15 என்று மங்கலாகத் தெரிகிறது.

பாத்திமா_கணக்கர்:
அது போதும். மூன்று தொகைகளையும் கூட்டினால் 23,522.51. அதற்கு 9 சதவீதம் 2,117.03, இரண்டு முறை. எல்லாம் கூட்டினால் 27,756.57, ரவுண்ட் ஆஃப் 0.43 சேர்த்தால் உங்கள் 27,757. ஆக, மூன்று பொருள்களின் தொகைகளும் வரிக்கு முன்னால் உள்ளவை, தள்ளுபடி ஏற்கெனவே கழித்தவை.

இப்போது பைப். 2,448 என்பது 15 சதவீதம் போக மீதி 85 சதவீதம். 2,448-ஐ 0.85-ஆல் வகுத்தால் 2,880. அதை 12-ஆல் வகுத்தால் 240. ரேட் கட்டத்தில் அச்சாகியிருந்தது 240தான். 204 என்று இருந்திருந்தால் தள்ளுபடி போக 2,080.80 வந்திருக்கும், அடித்தொகையும் இடித்திருக்கும். 204, 240 இரண்டுமே 2-இல் தொடங்குவதால் கண்ணில் பட்ட இலக்கம் இங்கே உதவாது.

நெல்லை_குமார்:
ஒத்துக்கொள்கிறேன், தள்ளுபடியைக் கவனிக்கவில்லை. ஆனால் வீட்டுக்காரர் கையிலிருந்து போனது ஒரு பைப்புக்கு 204தானே? அதை எழுதினால் என்ன தவறு?

பாத்திமா_கணக்கர்:
தவறில்லை. ஆனால் அது "தள்ளுபடி போக" என்று எழுதினால்தான். கடை கொட்டேஷனில் 240 என்றுதான் இருக்கும், ஒப்பிடும்போது இரண்டும் உதைக்கும்.

தச்சநல்லூர்_ரவி:
நடுவில் வருகிறேன். டிஎம்டி கம்பியைக் கம்பிக் கணக்கில் வாங்குவதுதானே வழக்கம்? 12 எம்எம் கம்பி 12 மீட்டர் நீளம், ஒன்று 10.66 கிலோ. 347.5 கிலோவுக்கு 32.6 கம்பி வருகிறது. பாதிக் கம்பி யார் தருவார்? அளவே தவறாக இருக்கும் போலிருக்கிறது.

மேஸ்திரி_கணக்கு:
இல்லை ரவி, இறங்கியது 33 கம்பி. எடை மேடையில் போட்டு எடுத்தது 347.5. சீட்டு என்னிடம் இருக்கிறது.

பாத்திமா_கணக்கர்:
அப்படியானால் பொருந்துகிறது. 10.66 என்பது கணக்குப்படி வரும் எடை. 33 கம்பிக்கு 351 கிலோவும் கொஞ்சமும் வரும். நிஜக் கம்பி ஒரு சதவீதம் குறைந்து நிற்பது சாதாரணம், 12 எம்எம்முக்கு இந்தியத் தரநிலை ஐஎஸ் 1786 ஐந்து சதவீதம் வரை கூடக் குறைய அனுமதிக்கிறது. பில்லில் அலகு கிலோ என்று இருந்தால் கிலோவால்தான் வகுக்க வேண்டும். 33-ஆல் வகுத்தால் 616.02 என்று வரும். அந்த 2 பைசாவே அது ரேட் இல்லை என்று காட்டிக்கொடுக்கிறது.

கிலோவுக்கு 58.50 என்பதில் சந்தேகமே வேண்டாம். 58.51 என்று வைத்தால் தொகை மூன்றரை ரூபாய் கூடிவிடும். அளவு பெரிதாக இருக்கும்போது ரேட் தப்ப இடமே இல்லை.

மேஸ்திரி_கணக்கு:
கட்டுக்கம்பிதான் எனக்கு இடிக்கிறது மேடம். 74.58-ஐ 10-ஆல் பெருக்கினால் 745.80. பில்லில் 745.76. கடைக்காரர் கணக்கில் ஏதோ செய்திருக்கிறாரா?

பாத்திமா_கணக்கர்:
அவரைச் சந்தேகப்பட வேண்டாம். 74.57 போட்டால் 745.70, 74.58 போட்டால் 745.80. இரண்டு தசமத்தில் எந்த ரேட்டும் 745.76-ஐத் தராது. அப்படி வந்தாலே அச்சில் வந்த ரேட்டுக்குப் பின்னால் வேறு நீளமான எண் இருக்கிறது என்று அர்த்தம். உடனே வரியைச் சேர்த்துப் பாருங்கள்: 745.76-ஐ 1.18-ஆல் பெருக்கினால் 880.00. அதாவது கிலோ 88 ரூபாய், வரியோடு. கடைக்காரர் வாயால் சொன்ன விலை அதுதான். பில்லிங் மென்பொருள் 88-ஐ 1.18-ஆல் வகுத்து 74.5763 என்று உள்ளே வைத்துக்கொண்டது, காகிதத்தில் 74.58 என்று சுருக்கி அடித்தது. நீங்கள் பார்த்த 8 அதுதான்.

கம்பிக்கும் இதையே செய்து பார்த்தேன், 58.50-க்கு வரி சேர்த்தால் 69.03. அது யாரும் வாயால் சொல்லும் விலை இல்லை. ஆகக் கம்பி "58.50 பிளஸ் ஜிஎஸ்டி" என்று பேசியது, கட்டுக்கம்பி "எல்லாம் சேர்த்து 88" என்று பேசியது.

நெல்லை_குமார்:
அப்போ கணக்கில் 88 என்றே எழுதலாமே. வீட்டுக்காரருக்குப் புரிகிற எண் அதுதான்.

பாத்திமா_கணக்கர்:
மற்ற இரண்டும் வரிக்கு முன்னால் உள்ள ரேட்டில் இருக்கும்போது இதை மட்டும் வரியோடு எழுதினால் கடைசியில் 18 சதவீதம் இரண்டு முறை ஏறிவிடும். 74.58 எழுதித் தொகையை 745.76 என்றே வையுங்கள்.

நெல்லை_குமார்:
பெருக்கிப் பார்க்கிறவருக்கு நாலு பைசா உதைக்குமே. நான் என்றால் மூன்றையுமே வரியோடு எழுதிவிடுவேன், கீழே வரி என்றே தனி வரி வேண்டாம்.

மளிகை_செல்வி:
எங்கள் கடைக்கும் இதே தொல்லை. மொத்த வியாபாரி பேனாவால் எழுதிய சீட்டில் சீரகம் 7 கிலோ, 1,667 ரூபாய். ரேட் மேல் எண்ணெய்க் கறை. வகுத்தால் 238.14 வருகிறது. அவர் சொன்ன ரேட்டைக் கண்டுபிடிக்க முடியுமா?

பாத்திமா_கணக்கர்:
செல்வி, உங்களுடையது கஷ்டம். தொகையை முழு ரூபாயாக ஆக்கிவிட்டார். 1,666.50 முதல் 1,667.50 வரை எதுவாகவும் இருந்திருக்கலாம், 7 கிலோதான் என்பதால் ரேட் 238.07-க்கும் 238.21-க்கும் நடுவில் எங்கேயும் நிற்கலாம். 238.10, 238.20 இரண்டுமே 1,667-ஐத் தரும். 238 மட்டும் இல்லை, அது 1,666. அதே நாளில் அவரிடம் சீரகம் அதிகமாக வாங்கிய வேறு சீட்டு கிடைத்தால் ஒன்றை விலக்கிவிடலாம். இல்லாவிட்டால் அவரிடம் கேட்பதுதான் வழி.

தச்சநல்லூர்_ரவி:
மேஸ்திரி அண்ணனும் கடையில் மறுபடி ஒரு நகல் கேட்டு வாங்கினால் இவ்வளவு கணக்கே வேண்டாமே. அழிந்த பில் வரிக் கணக்குக்குச் செல்லுமா முதலில்?

பாத்திமா_கணக்கர்:
ஜிஎஸ்டி விதி 46 பில்லில் கேட்பது அளவு, மொத்த மதிப்பு, வரிக்குரிய மதிப்பு, வரி விகிதம், வரித் தொகை போன்றவை. ஒரு கிலோவின் ரேட் அந்தப் பட்டியலில் தனியாக இல்லை. ஆகவே ரேட் மங்கியது மட்டும் பெரிய சிக்கல் இல்லை. நகல் வாங்குவது நல்லதுதான், மறுக்கவில்லை. அண்ணா, ஒன்று மட்டும்: கண்டுபிடித்த ரேட்டைப் பில் மேலேயே பேனாவால் எழுதிவிடாதீர்கள். தனித்தாளில் எழுதி, "தொகையிலிருந்து கணக்கிட்டது" என்று குறித்துப் பில்லோடு பின் அடித்து வையுங்கள்.

மேஸ்திரி_கணக்கு:
அப்படியே செய்கிறேன் மேடம். 58.50, 74.58, 240 தள்ளுபடி 15. குமார் சொல்கிறபடி வரியோடும் ஒரு தாள் போட்டு இரண்டையும் வீட்டுக்காரரிடம் காட்டுகிறேன், எது வேண்டும் என்று அவரே சொல்லட்டும்.