புதுப்பிப்பு: பழைய சுற்றுகளைத் தவிர்க்கக் கேட்டேன், பாதி கிடைத்தது

முன்பு கேட்டது: “நான்கு மாதங்களுக்கு முன் இதே நிறுவனத்தின் வேறொரு அணிக்கு ஐந்து சுற்று நேர்காணல் முடித்தேன். இடம் வேறொருவருக்குப் போனது. இப்போது இன்னொரு அணி அழைக்கிறது. மறுபடியும் முதலிலிருந்தா? ஆள்சேர்ப்பாளரிடம் கேட்கலாமா?”

கேட்டுவிட்டேன். ஆள்சேர்ப்பில் இருக்கும் ஒருவர் இங்கே சொன்னபடி, “தவிர்க்க முடியுமா” என்ற சொல்லையே எடுக்கவில்லை. இப்படி எழுதினேன்: “மார்ச்சில் இன்ன அணிக்கு, இன்ன பதவிக்கு நேர்காணல் தந்தேன். அப்போதைய மதிப்பீட்டுக் குறிப்புகளில் எவை இந்தப் பதவிக்கும் செல்லும்?” பழைய ஆள்சேர்ப்பாளரின் பெயரையும் சேர்த்தேன், தேட எளிதாக இருக்கட்டும் என்று.

இரண்டு நாளில் பதில் வந்தது. நிரல் எழுதும் சுற்றுகள் இரண்டும் வேண்டாம். மேலாளர் சுற்று அணிக்கு அணி வேறு என்பதால் உண்டு. வடிவமைப்புச் சுற்றும் உண்டு, இந்தப் பதவி ஒரு படி மேலே என்பதால். “தேறியிருந்தால் எல்லாமே தானாகச் செல்லும்” என்று அடித்துச் சொன்ன நண்பர் இந்தப் படியை மறந்துவிட்டார்.

நான் உள்ளேயே அணி மாறுவதாக நினைத்து, இப்போதைய மேலாளரிடம் அனுமதி வாங்கச் சொன்னவருக்கு: ஐயா, நான் இன்னும் வெளியாள்தான்!

ஒன்று மட்டும் உறுத்துகிறது. குறிப்புகளைத் தோண்டச் சொன்னால் நல்லது மட்டுமா வெளிவரும்? அன்று வடிவமைப்பில் நான் தடுமாறியதைப் புதிய மேலாளரும் படித்திருப்பாரா? தெரியவில்லை. வியாழக்கிழமை அந்தச் சுற்று.